ஒரே அனுபவம், மூன்று ரெஸ்யூம்: விவரம் குழம்பாமல் வைத்துக்கொண்ட விதம்

டேட்டா அனலிஸ்ட், புராஜெக்ட் கோஆர்டினேட்டர், டெக்னிக்கல் ரைட்டர் என்று ஒரே சமயத்தில் மூன்று வகை வேலைகளுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தேன். அதுவரை பார்த்த வேலையில் மூன்றுக்கும் பொருந்துகிற பகுதிகள் இருந்ததால் மூன்று ரெஸ்யூம் வைத்துக்கொள்வதில் தயக்கம் இல்லை. மூன்றையும் எழுதி முடித்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பித்தது. ஒன்றில் ஒரு தேதியைச் சரிசெய்தால் மற்ற இரண்டிலும் பழைய தேதியே கிடக்கும். ஒன்றில் குழுவில் ஐந்து பேர் என்றும் இன்னொன்றில் ஆறு பேர் என்றும் இருக்கும். வெவ்வேறு மாதங்களில் இரண்டும் உண்மையாகவே இருந்திருக்கும், ஆனால் படிக்கிறவர் அதை அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார்.

முதலில் செய்தது, தகவலையும் வாக்கியத்தையும் பிரித்து வைத்தது. யாருக்கும் அனுப்பாத ஒரு மாஸ்டர் ஃபைல். அதில் அழகான வாக்கியம் எதுவும் கிடையாது, வெறும் அட்டவணைதான். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு தகவல், அது எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எண் இருந்தால் அது எப்படி வந்தது, காட்டுவதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது, கடைசியாக எந்தெந்த ரெஸ்யூமில் இது வருகிறது என்ற விவரங்கள். எண்ணைத் திருத்த வேண்டுமானால் இங்கேதான் முதலில் திருத்துவேன். ரெஸ்யூமில் நேரடியாக எந்த எண்ணையும் மாற்றுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

ஒரு வரிசையை மட்டும் முழுசாகச் சொல்கிறேன். ஒவ்வொரு மாதமும் ஐந்து துறைகளிடமிருந்து கணக்கு வாங்கி ஓர் அறிக்கை தயாரிப்பேன். முன்பு அதற்கு இரண்டு வேலைநாள் பிடித்தது. முறையை மாற்றிய பிறகு அரை நாளில் முடிந்தது. எட்டு மணி நேர வேலைநாள் என்று வைத்துக்கொண்டால் 16 மணி நேரம் 4 மணி நேரமானது. அதாவது மாதத்துக்கு 12 மணி நேரம் மிச்சம், சதவீதத்தில் 75. மாஸ்டரில் இந்த ஆறு எண்களும் (5 துறை, 2 நாள், அரை நாள், 16, 4, 12) சதவீதத்தோடு சேர்ந்து ஒரே இடத்தில் இருக்கும்.

அனலிஸ்ட் ரெஸ்யூமில் இது, 'பவர் க்வெரி மூலம் மாதாந்திர அறிக்கை தயாரிக்கும் நேரத்தை 75% குறைத்தேன்' என்று வரும். கோஆர்டினேட்டர் ரெஸ்யூமில், 'ஐந்து துறைகளுக்குப் பொதுவான கடைசித் தேதியும் படிவமும் ஏற்படுத்தி, இரண்டு நாள் வேலையை அரை நாளில் முடித்தேன்'. ரைட்டர் ரெஸ்யூமில், 'புதியவர் ஒருவர் தனியாகச் செய்யும் அளவுக்கு அறிக்கை வழிகாட்டி எழுதினேன். மாதத்துக்கு 12 மணி நேரம் மிச்சமானது'. மூன்றும் மூன்று விதமாக இருந்தாலும் பெருக்கிக் கழித்துப் பார்த்தால் ஒரே இடத்தில் வந்து நிற்கும். பொதுவாக வழுக்குவது அலகில்தான். 'மாதத்துக்கு 12 மணி நேரம்' என்பது அவசரத்தில் 'வாரத்துக்கு' என்று மாறினால் வாக்கியம் படிக்க நன்றாகவே இருக்கும், கண் தாண்டிப் போய்விடும். அதனால் மாஸ்டரில் எண்ணையும் அலகையும் ஒரே கட்டத்தில் சேர்த்தே எழுதுகிறேன்.

சில விவரங்களை எந்த ரெஸ்யூமிலும் மாற்றுவதில்லை: நிறுவனம் கொடுத்த பதவிப் பெயர், சேர்ந்த மாதம், விலகிய மாதம், படிப்பு, சான்றிதழ் பெற்ற ஆண்டு. பின்னணிச் சரிபார்ப்பு செய்கிற இடங்களில் பெரும்பாலும் பழைய நிறுவனத்திடம் கேட்டு ஒப்பிடுவது இவற்றைத்தான். என் பதவிப் பெயர் 'சப்போர்ட் அசோசியேட்'. அனலிஸ்ட் ரெஸ்யூமுக்காக அதை 'அனலிஸ்ட்' ஆக்கவில்லை. பதவிப் பெயரை அப்படியே விட்டு, பக்கத்தில் 'அறிக்கை, தரவுப் பணி' என்று சேர்த்தேன். தேதியையும் ஒரே வடிவில் வைத்தேன். ஒன்றில் '2021 – 2023' என்றும் இன்னொன்றில் 'ஜூன் 2021 – ஆகஸ்ட் 2023' என்றும் இருந்தால், முதலாவதைப் படிப்பவர் மூன்று வருடம் என்றுகூட நினைத்துக்கொள்ளலாம். பொதுவில் தெரிகிற புரொஃபைல் பக்கத்திலும் இதே மாதங்கள்தான் இருக்க வேண்டும். அது ஒன்றே ஒன்று என்பதால் மூன்று ரெஸ்யூமையும் அதோடுதான் ஒப்பிடுவார்கள்.

அப்புறம் ஃபைல் பெயர். `final`, `final2`, `new_final` என்று போனால் எது எதற்கு என்று தெரியாது. எனக்கு ஒத்துவந்தது இதுதான்:

```
resume/
  00_master.xlsx
  base/
    analyst.docx
    coordinator.docx
    writer.docx
  sent/
    2024-03-18_companyA_analyst/
      Name_Resume.pdf
      job_ad.pdf
```

தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் ஃபோல்டர்கள் தானாகவே காலவரிசையில் நிற்கும். எந்த வேலைக்கான ரெஸ்யூம் என்பது என் ஃபோல்டர் பெயரில் மட்டும். வெளியே போகிற ஃபைலில் பெயரும் `Resume` என்ற சொல்லும் போதும். `analyst_v3` என்று பார்த்தால் எதிரில் இருப்பவருக்கு வேறு கேள்விகள் வரும். `sent` உள்ளே போனதை மறுபடி திருத்துவதில்லை. விளம்பரத்தையும் கூடவே சேமிப்பதற்குக் காரணம், நேர்காணலுக்கு அழைப்பு வரும்போது அந்தப் பக்கத்தையே எடுத்துவிட்டிருப்பார்கள்.

பலர் கவனிக்காத ஒன்று, பிடிஎஃப்பின் உள்ளே இருக்கிற தலைப்பு. வேர்டில் File, அப்புறம் Info போனால் Title என்ற கட்டம் இருக்கும். அனலிஸ்ட் ஃபைலை நகலெடுத்து ரைட்டர் ஃபைல் செய்தால் அந்தத் தலைப்பும் கூடவே வந்துவிடும். வெளியே ஃபைல் பெயர் சரியாக இருந்தாலும், பிரவுசரில் திறப்பவருக்கு மேலே உள்ள டேபில் 'Analyst Resume' என்று தெரியக்கூடும். மூன்று அடிப்படை ஃபைல்களிலும் அந்தக் கட்டத்தில் என் பெயரை மட்டும் போட்டு வைத்துவிட்டேன்.

அனுப்புவதற்கு முன் பிடிஎஃப்பைத் திறந்து, எல்லாவற்றையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுவேன். எழுத்தலங்காரம் போனதும் வார்த்தைகள் மட்டும் மிஞ்சும். அதில் மற்ற இரண்டு பதவிகளின் பெயரையும், முன்பு விண்ணப்பித்த நிறுவனத்தின் பெயரையும் தேடுவேன். ரைட்டர் ரெஸ்யூமின் அறிமுகப் பத்தியில் 'coordinator' என்ற சொல் ஒளிந்திருந்தால் இங்கே மாட்டிக்கொள்ளும். நிறைய மாற்றிய நாளில் வேர்டின் Review பகுதியில் உள்ள Compare மூலம் அடிப்படை ஃபைலோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். எண் மட்டும் மாறியிருந்தாலும் அது குறித்துக் காட்டிவிடும்.

மாஸ்டர் ஃபைலின் இரண்டாவது தாளில் அனுப்பிய பட்டியல்: தேதி, நிறுவனம், பதவி, எந்த ரெஸ்யூம், யாரிடமிருந்து பதில். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால், 'ஒரு நிமிஷம், எந்தப் பதவி பற்றி என்று சொல்ல முடியுமா?' என்று கேட்டுக்கொண்டே அந்த வரியைத் தேடுவேன். பிறகு பேசும்போது அவர்கள் கையில் இருக்கிற அதே பிடிஎஃப் என் திரையிலும் திறந்திருக்கும். ஒரே நிறுவனத்தில் இரண்டு பதவி கண்ணில் பட்டால் பட்டியலைப் பார்த்துவிட்டு ஒன்றுக்கு மட்டும் அனுப்பினேன். பல நிறுவனங்களில் ஒருவர் அனுப்பிய விண்ணப்பங்கள் எல்லாம் ஒரே பெயரின் கீழ் சேர்ந்தே தெரியும்.

இந்த ஏற்பாடு மூன்று, மிஞ்சிப்போனால் நான்கு அடிப்படை ரெஸ்யூம் வரைதான் தாங்கும். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் புது அடிப்படை ஃபைல் தொடங்கினால் மாஸ்டரில் ஒரு வரியைத் திருத்தியதும் எத்தனை இடத்தில் போய் மாற்றுவது? விளம்பரத்துக்கேற்ற மாற்றங்களை, அறிமுகப் பத்தியிலும் முதல் சில வரிகளின் வரிசையிலும் நிறுத்திக்கொண்டு, அந்த நகலை `sent` ஃபோல்டரிலேயே விட்டுவிடுகிறேன். அதில் ஒரு வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டால் அதை மட்டும் எடுத்து `base` ஃபைலில் சேர்ப்பேன், அதன் எண்ணை மாஸ்டரோடு ஒருமுறை பார்த்த பிறகு.