கோல்ட் ஸ்பாட் பாட்டிலும் மாருதி காரும்: ஒரு கலர் போட்டோவுக்கு வருடம் பிடித்த விதம்

வீட்டு வாசலில் எடுத்த கல்யாண வரவேற்பு போட்டோ அது. அஞ்சலட்டை அளவு, பின்பக்கம் ஒரு எழுத்தும் இல்லை. ஓரத்தில் ஒரு மாருதி 800, அதன் பக்கத்தில் ஒரு மொபெட், ஒரு பையன் கையில் ஆரஞ்சு நிறக் குளிர்பானம், திறந்திருந்த கதவுக்குள் ஷட்டர் வைத்த டிவியும் மாதக் காலண்டரும்.

முதல் வேலை ஸ்கேன். 1200 டிபிஐயில் எடுத்தோம். பிரிண்டில் இல்லாத விவரம் அதனால் வந்துவிடாது, ஆனால் நம்பர் பிளேட்டைப் பெரிதாக்கிப் பார்க்கச் சௌகரியம். நெகட்டிவ் கிடைத்தால் அதுதான் மேல். அடுத்து, படம் இடவலம் மாறிப் பிரிண்டாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முந்தானை இடது தோளில், ஸ்டியரிங் வலது பக்கம், எல்லாம் சரியாக இருந்தது.

பொருளை வைத்து வருடம் சொல்லும்போது பலரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். காரும் டிவியும் வாங்கினால் இருபது வருடம் வீட்டில் கிடக்கும். அவை "இந்த வருடத்துக்கு முன்னால் இல்லை" என்று மட்டுமே சொல்லும். "இதற்குப் பின்னால் இல்லை" என்று சொல்ல, குடித்துத் தீர்ந்துபோகிற, கிழித்துப் போடுகிற பொருள் வேண்டும்.

டிவி அதிகம் உதவவில்லை. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது, அதற்குப் பின் என்று வைத்துக்கொள்ளலாம், அவ்வளவே. மாருதி நன்றாகவே கைகொடுத்தது. 1983 டிசம்பரில் வந்த முதல் மாடல் மூலைகள் கூராக, பெட்டி மாதிரி இருக்கும். 1986இல் வந்த உடல் மூலை மழுங்கியது. இந்தப் படத்தில் இருப்பது இரண்டாவது. அம்பாசடராக இருந்திருந்தால் இவ்வளவு தைரியமாகச் சொல்லியிருக்க மாட்டோம். அதன் முன்பக்க கிரில்லை மாற்றிப் போட்டுக்கொண்டவர்கள் நிறைய.

மொபெட்டின் பிளேட்டில் 'TN' மட்டும் தெளிவு, மீதியில் நிழல். இங்கே அவசரப்படக் கூடாது. பழைய பதிவு முறையிலும் TN என்று தொடங்கி மூன்றாவதாக ஓர் எழுத்து வரும் வரிசைகள் உண்டு. TN-க்குப் பிறகு இரண்டு இலக்கம் வருவது 1989 ஜூலைக்குப் பின் வந்த புது முறை. கான்ட்ராஸ்ட்டைக் கூட்டிப் பார்த்ததில் மூன்றாவது இடத்தில் மூடிய வட்டம் தெரிந்தது. அது பூஜ்யமாகவும் இருக்கலாம், O-வாகவும் இருக்கலாம். அதற்கு அடுத்ததும் இலக்கம்தான். ஆனால் பழைய முறையிலும் மூன்று எழுத்துக்குப் பின் இலக்கம்தான் வரும். முடிவு செய்ய உதவியது அதன்பின் வந்த எழுத்து. இலக்கத்துக்குப் பிறகு மறுபடி எழுத்து வந்தால் புது முறைதான். ஆக, 1989 நடுவுக்கு முந்தியதல்ல. காரில் பழைய பிளேட் இருந்தது இதை மறுக்காது. ஏற்கெனவே பதிவான வண்டி அதே நம்பரோடு ஓடும்.

மேல் எல்லைக்கு பாட்டில். ஆரஞ்சு நிறம் மட்டும் போதாது. ஃபான்டா 1977க்கு முன்பும் இங்கே உண்டு, 1993க்குப் பின்பும் உண்டு. கண்ணாடியில் அச்சிட்ட எழுத்தில் 'GOLD' படிக்க முடிந்தது. பார்லேயின் கோல்ட் ஸ்பாட். 1993இல் பார்லேயின் பானங்களைக் கோகோ-கோலா வாங்கிய பிறகு இது கைவிடப்பட்டது. காலி பாட்டிலில் தண்ணீரும் மண்ணெண்ணெயும் ஊற்றி வைத்த காலம் என்பதால், உள்ளே பானமும் ஸ்ட்ராவும் இருப்பதை உறுதிசெய்துகொண்டோம். பவண்டோவாக இருந்திருந்தால் பயனில்லை, அது இன்றும் கிடைக்கிறது. எச்சரிக்கையாக 1995 வரை இடம் விட்டோம்.

மீதி காலண்டர். மாதப் பெயர் மங்கல், ஆனால் கட்டங்களை எண்ண முடிந்தது: முதல் தேதி ஞாயிறு, மொத்தம் 30 நாள். 1989 ஜூலை முதல் 1995 முடிய இதற்குப் பொருந்துவது மூன்றே மாதங்கள்: 1990 ஏப்ரல், 1991 செப்டம்பர், 1992 நவம்பர். ஞாயிறு தவிர 13, 14 இரண்டும் அடுத்தடுத்துச் சிவப்பில் இருந்தன. 1990இல் புனித வெள்ளி ஏப்ரல் 13, மறுநாள் தமிழ்ப் புத்தாண்டு. மற்ற இரண்டு மாதங்களிலும் அந்தத் தேதிகளில் இப்படி ஜோடி விடுமுறை கிடையாது.

ஆகவே ஆல்பத்தில் '1990 ஏப்ரல் வாக்கில்' என்று பென்சிலில் எழுதலாம். 'வாக்கில்' என்பதை விடக் கூடாது: சாமி படத்துக்காகப் பழைய காலண்டரைக் கழற்றாமல் விடும் வீடுகள் உண்டு. அப்படியானால் காலண்டரும் காரைப் போல 'இதற்கு முன்னால் இல்லை' என்று மட்டுமே சொல்லும். அப்போது 1990 ஏப்ரல் முதல் 1995 வரை என்பதுதான் நேர்மையான விடை.