60-ஆவது வினாடியில் அறுந்த அறிக்கை

"டைம்அவுட்டை 300 வினாடி ஆக்கிட்டா முடிஞ்சுது. இதுக்குப் போய் புரோகிராமை மாத்தணுமா?" என்று சர்வர் பக்கம் பார்க்கும் சீனியர் கேட்டார். வேண்டாம் சார் என்றேன். அந்த வேண்டாமைத்தான் இன்னும் மனதுக்குள் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

அறிக்கை ஏன் அறுந்தது என்பதில் எங்களுக்குள் தகராறு இல்லை. மாதாந்திர அறிக்கை ஒவ்வொரு முறையும் சரியாக 60 வினாடியில், நேரம் கடந்துவிட்டது என்னும் 504 பிழையைக் காட்டியது. டேட்டாபேஸ் திணறினால் நேரம் கூடும், குறையும். இப்படிக் கடிகாரம் வைத்தாற்போல் அறுந்தால் நடுவில் ஒரு வரம்பு இருக்கிறது. நடுவில் ப்ராக்ஸியாக நிற்கும் என்ஜின்எக்ஸின் லாக்கிலும் அதுவே இருந்தது:

```
upstream timed out (110: Connection timed out) while reading response header from upstream
```

ஆனால் நான்கு நிமிடம் இறங்கும் இன்னொரு அறிக்கை ஒழுங்காக வந்தது. காரணம், அந்த 60 வினாடி வரம்பான `proxy_read_timeout` மொத்த நேரத்தை அளப்பதில்லை. ஒரு தடவை தரவு வந்ததற்கும் அடுத்த தடவை வருவதற்கும் நடுவிலுள்ள மௌனத்தைத்தான் அளக்கிறது. அந்த அறிக்கை மெதுவாகச் சொட்டியது. நம்முடையதோ எல்லா வரிகளையும் வரிசைப்படுத்தி முடிக்கும்வரை ஒரு பைட்கூட அனுப்பவில்லை.

வரம்பை ஏற்றினால் உண்மையிலேயே தொங்கிப்போன கோரிக்கைகளும் ஐந்து நிமிடம் இணைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும். முன்னால் உள்ள லோடு பேலன்சருக்கும் தனி வரம்பு உண்டு. இதுதான் என் வாதம். டிசிபி கீப்அலைவ் போதாதா என்றார் சீனியர். அது கெர்னல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது, ப்ராக்ஸியின் கடிகாரத்தை அது தொடாது.

கடைசியில் சிஎஸ்வி தலைப்பு வரியை உடனே அனுப்பி, வரிசைப்படுத்தல் முடியும்வரை 20 வினாடிக்கு ஒரு வெற்று வரி அனுப்பினோம். தலைப்பை மட்டும் அனுப்பிவிட்டுச் சும்மா இருந்தால் அதே 60-இல் அறுந்திருக்கும், அதுவும் 200 நிலையோடு. ஆனால் முதலில் என்ஜின்எக்ஸ் அந்தச் சிறு பைட்களைத் தன் பஃபரில் சேர்த்து வைத்ததால் வெளி லோடு பேலன்சர் மௌனத்தையே பார்த்தது. பதிலில் இந்த எச்டிடிபி தலைப்பைச் சேர்த்த பிறகே சரியானது:

```
X-Accel-Buffering: no
```

அப்புறம் வந்ததுதான் உறுத்தல். தலைப்பு வரியோடு 200 போய்விட்ட பிறகு வினவல் தோற்றால் 500 என்று மாற்றிச் சொல்ல வழியில்லை. பிழையைப் புரோகிராம் பிடித்து அமைதியாக முடித்துக்கொண்டால், பாதி அறிக்கை முழு அறிக்கை மாதிரியே இறங்கிவிடும். ஆகவே பிழை வந்தால் இறுதித் துண்டை அனுப்பாமல் இணைப்பை முறிக்கிறோம், பிரவுசர் தோல்வி என்று காட்டும். கடைசி வரியில் மொத்த வரிகளின் எண்ணிக்கையையும் சேர்த்தோம்.

ஆனாலும் எக்செல்லில் திறப்பவர்கள், தலைப்புக்குக் கீழே வெற்று வரிகள் ஏன் என்று கேட்கிறார்கள். ஜேசனாக இருந்தால் முன்னால் இடைவெளி எத்தனை இருந்தாலும் பாதகமில்லை. சிஎஸ்விக்கு அந்த வசதி இல்லை. 300 என்று மாற்றியிருந்தால் தோல்வியாவது 500 என்றோ 504 என்றோ நேர்மையாக வந்திருக்கும், இல்லையா? சீனியர் இதைச் சொல்லிக் காட்டவில்லை. வேலையைப் பின்னணிக்குத் தள்ளி, முடிந்ததும் சுட்டி கொடுக்கலாமே என்று மட்டும் ஒருமுறை கேட்டார். அந்த டிக்கெட் இன்னும் திறந்தே இருக்கிறது.