ரணஜன்னி வந்த குதிரையும் இருட்டுக் கொட்டகையும்

எங்கள் செவலைக் குதிரையை அந்தியூர் ஆடிச் சந்தையில் வாங்கினோம். ஐந்து வயதுப் பெண் குதிரை, எடை முன்னூறு கிலோ இருக்கும். அதற்கு முன் என்னென்ன தடுப்பூசி போட்டார்கள் என்று விற்றவருக்கே தெரியவில்லை. வந்த சில வாரங்களில் முன்னங்கால் குளம்பின் அடியில் ஒரு ஆணி ஏறியது. லாடம் அடிக்கும் பெரியவர் ஆணியைப் பிடுங்கி, மஞ்சளும் எண்ணெயும் வைத்துக் கட்டினார். இரண்டு மூன்று நாள் நொண்டியது, அப்புறம் சரியாகிவிட்டது. காயம் மேலே மூடிக்கொண்டதால் எல்லோரும் அதை மறந்துவிட்டோம்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அதன் நடை மாறியது. திரும்பும்போது கழுத்தை வளைக்காமல், மொத்த உடம்பையும் ஒரே கட்டையாகத் திருப்பியது. தொட்டியில் வாய் வைத்துக் கொள்ளை மென்றது, ஆனால் பாதி வெளியே கொட்டியது. வால் சற்றே தூக்கிய நிலையில் நின்றது. காதுகள் இரண்டும் விறைத்து ஒன்றை நோக்கி ஒன்று இழுத்துக்கொண்டன. முதலில் வந்து பார்த்தவர் கழுத்துச் சுளுக்கு என்று சொல்லி வலி ஊசி போட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலையில் நான்கு காலையும் அகட்டி வைத்துக்கொண்டு, மூக்குத் துளைகள் விரிய, வியர்த்துப்போய் நின்றது.

அன்று வந்த டாக்டர் குதிரையின் வாய்ப்பக்கம் போகவே இல்லை. முகத்தின் பக்கத்தில் நின்று, தாடைக்கு அடியில் விரலால் லேசாகத் தட்டினார். கண்ணின் உள்மூலையிலிருந்து வெள்ளைச் சவ்வு ஒன்று சட்டென்று பாய்ந்து கண்மணியில் பாதியை மூடிவிட்டு மெதுவாகத் திரும்பிப் போனது. "மூணாவது இமை இப்படிப் பாய்ஞ்சா வேற எதையும் தேட வேண்டாம்ங்க அண்ணா, இது ரணஜன்னி, டெட்டனஸ். சமீபத்துல காயம் ஏதாச்சும் பட்டுச்சா?" என்று கேட்டார். அப்போதுதான் ஆணி ஞாபகத்துக்கு வந்தது.

இதை உறுதி செய்ய நம்பகமான ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. அறிகுறிகளையும் காயத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். சிறுநீர் காபி நிறத்தில் போகிறதா என்றும் கேட்டார். வேலை செய்த குதிரைக்குத் தசை அழியும் நோய் வந்தால் அப்படிப் போகும், உடம்பும் இதே மாதிரி விறைக்கும். விழுங்கத் திணறும் மிருகத்தின் வாய்க்குள் வெறுங்கையை விடாதீர்கள், வெறிநாய்க்கடியிலும் இப்படி ஆகும் என்று சொல்லி எல்லோருக்கும் கையுறை போட்டுவிட்டார்.

மேலே ஆறிய காயத்திலிருந்து எப்படி வந்தது என்பதை அவர் விளக்கியது எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. இந்தக் கிருமியின் வித்து மண்ணிலும் சாணியிலும் எங்கும் இருக்கிறது. காற்று படுகிற இடத்தில் அது பெருகாது. ஆணி குத்தியது போன்ற ஆழமான, வாய் சிறுத்த காயத்துக்குள் சதை செத்துக் காற்று இல்லாமல் போனால்தான் பெருகும். கிருமி அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை, அது சுரக்கும் நஞ்சுதான் நரம்பு வழியாக முதுகுத்தண்டுக்கு ஏறுகிறது. ஒரு தசை சுருங்கும்போது அதற்கு எதிர்த்தசை தளர வேண்டும். தளரச் சொல்லும் செய்தியை இந்த நஞ்சு நிறுத்திவிடுகிறது. அதனால் எல்லாத் தசையும் ஒரே நேரத்தில் இழுக்கிறது. சின்னச் சத்தம் கேட்டாலே முழு உடம்பும் துள்ளி விறைப்பதும் இதனால்தான். வீட்டு விலங்குகளில் குதிரைக்குத்தான் இந்த நஞ்சு மிக எளிதாக வேலை காட்டும்.

அப்புறம் நஞ்சுமுறி மருந்து. கிலோவுக்கு நூறு யூனிட் கணக்கில் முப்பதாயிரம் யூனிட் வேண்டும் என்றார். நம் ஊர் மருந்துக் கடைகளில் இல்லை. ஈரோட்டிலும் கோயம்புத்தூரிலும் போன் போட்டுக் கேட்டு, மனிதர்களுக்கு வைத்திருந்த குப்பிகளை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தோம். இந்த மருந்தும் குதிரையின் ரத்தத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது. நோய் வராத குதிரைக்கு இந்த நஞ்சையே வீரியம் குறைத்து ஊசி வழியாகப் பழக்கி, அதன் சீரத்தைப் பிரிக்கிறார்கள். இதன் எல்லையை டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். ரத்தத்தில் சுற்றும் நஞ்சை மட்டும்தான் இது முறிக்கும். நரம்புக்குள் ஏறி ஒட்டிக்கொண்டதை எதனாலும் பிரிக்க முடியாது, நரம்பு முனை புதிதாக வளர்ந்தால்தான் அது தீரும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். "இந்த ஊசி போட்டதும் நாளைக்குச் சரியாயிடும்னு பாக்காதீங்க. இன்னும் மோசமாகாம நிறுத்தத்தான் போடறோம்" என்றார். குதிரைகளில் பாதிக்கு மேல் இந்த நோயில் பிழைப்பதில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

நஞ்சுமுறி உடம்பில் ஏறிய பிறகுதான் குளம்பைத் திறந்தார். காயத்தைக் கிளறும்போது இன்னும் நஞ்சு ரத்தத்துக்குள் போகலாம் என்பதால் இந்த வரிசை முக்கியம். அசிப்ரோமசின் என்ற அமைதிப்படுத்தும் ஊசி போட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தோம். பெரியவர் காலை ஒரு சாண் உயரம்தான் தூக்க முடிந்தது. குளம்புக் கத்தியால் ஆணித்தடத்தைச் சுற்றிச் சீவியதும் கறுத்த, நாற்றமெடுத்த சீழ் ஒரு கரண்டி அளவு வந்தது. செத்த பகுதியை வெட்டி எடுத்து, ஹைட்ரஜன் பெராக்சைடால் கழுவி, காற்று படும்படி வாயை அகலமாக வைத்தார். பெனிசிலின் தினம் இருவேளை, கிலோவுக்கு 22,000 யூனிட், அதாவது ஒரு வேளைக்கு 66 லட்சம் யூனிட். ஒவ்வொரு முறையும் குத்தினால் ஒவ்வொரு முறையும் இழுப்பு வரும் என்று, கழுத்து ரத்தநாளத்தில் ஒரே ஒரு குழாயைப் பொருத்தி, குளுக்கோசையும் அமைதி ஊசியையும் அதன் வழியாகவே கொடுத்தார். பெனிசிலின் மட்டும் தசையில்.

மருந்து டாக்டரின் வேலை. கொட்டகை எங்கள் வேலை. செவலை பிழைத்தது கொட்டகையால்தான் என்று நான் இன்றும் நம்புகிறேன்.

எங்கள் லாயம் மூன்று பக்கமும் திறந்தது, மேலே தகரம். பக்கங்களுக்குத் தார்ப்பாய் கட்டலாம் என்றபோது டாக்டர் மறுத்துவிட்டார், காற்றில் அது படபடக்கும். பழைய சணல் சாக்குகளைப் பிரித்து இரண்டு அடுக்காகத் தொங்கவிட்டோம். இருட்டும் வந்தது, காற்றும் கொஞ்சம் வந்தது. மழைத்துளி தகரத்தில் விழுந்தால் போச்சு என்று கூரைமேல் தென்னங்கீற்றையும் வைக்கோலையும் பரப்பிக் கயிறு போட்டோம். காதுகளில் பஞ்சை உருட்டி வைத்து, உள்ளே போய்விடாதபடி அதில் ஒரு நூலைக் கட்டி வெளியே விட்டோம். பால் கேன்களை வேறு வழியாகத் தூக்கிப் போனோம். சேவல் வேறு வீட்டுக்குப் போனது. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் தானாகவே மோட்டாரைப் பகலில் மட்டும் ஓட்டினார். கோயில் நோம்பி வந்தது. குழாய் ஸ்பீக்கரை எங்கள் பக்கம் திருப்ப வேண்டாம் என்று ஊர்ப் பெரியவரிடம் போய்க் கேட்டோம். "அதுக்கென்ன கண்ணு, வேட்டும் ஏரிக்கரைல போட்டுக்கலாம்" என்றார்.

உள்ளே ஒரே ஆள்தான் போக வேண்டும், அதுவும் எப்போதும் ஒரே ஆள். நான் போனேன். வாசலிலேயே மெதுவாகப் பேச ஆரம்பித்து, அது என்னை அறிந்துகொண்ட பிறகுதான் சாக்கை விலக்குவேன். மருந்து, கழுவல், தீவனம் எல்லாவற்றையும் ஒரே முறையில் முடித்துவிட்டு வெளியே வந்து, பல மணி நேரம் தனியே விட்டுவிடுவோம்.

தரையில் முழங்கால் அளவுக்கு வைக்கோல். குதிரை விழுந்துவிட்டால் எழுவது மிகக் கடினம், விழுந்து இழுத்துக்கொண்டே கிடக்கும் குதிரை பெரும்பாலும் தேறாது. அதனால் அது நின்றபடியே இருக்க எல்லா வசதியும் செய்தோம். கழுத்தைக் குனிய முடியாததால் தண்ணீர் வாளியையும் தொட்டியையும் நெஞ்சு உயரத்துக்குக் கட்டினோம். பற்களுக்கு இடையே விரல் நுழையும் அளவு இடைவெளிதான் இருந்தது. கொள்ளை ஊறவைத்து அரைத்து, கோதுமைத் தவிட்டோடு கஞ்சியாகக் கரைத்து வைத்தால் உதட்டால் உறிஞ்சும். ஒரு வாளியைக் காலி செய்ய ஒரு மணி நேரம்கூட எடுக்கும். சொந்தக்காரர்கள் மூங்கில் குழாயில் ஊற்றிவிடலாம் என்று நெருக்கினார்கள். விழுங்க முடியாத குதிரைக்கு ஊற்றினால் நேராக நுரையீரலுக்குப் போகும், விடவே இல்லை. சாணம் போக முடியாமல் இறுகியதை டாக்டர் கையால் எடுத்தார். சிறுநீருக்கு ஒருமுறை குழாய் போட்டார்.

முதல் வாரம் மிகவும் கொடுமை. ஆனால் அந்த வாரத்தைக் கடந்த குதிரைக்கு நம்பிக்கை கூடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டாம் வாரத்தில் சாக்கு விலகும் சத்தத்துக்கு உடம்பு துள்ளுவது குறைந்தது. பிறகு ஒரு நாள் கீழே சிந்திய வைக்கோலை எட்ட முயன்று கழுத்தை இறக்கியது. முழுதாக நடை திரும்ப ஒன்றரை மாதம் போலானது.

இந்த நோய் வந்து பிழைத்தாலும் எதிர்ப்புச் சக்தி வராது. நோய் உண்டாக்கும் நஞ்சின் அளவே அத்தனை சிறியது. அதனால் தடுப்பூசியின் முதல் தவணையை நஞ்சுமுறி போட்ட அன்றே, வேறு சிரிஞ்சில், கழுத்தின் மறுபக்கத்தில் போட்டார். நான்கு வாரம் கழித்து இரண்டாவது, அப்புறம் வருடத்துக்கு ஒன்று. நஞ்சுமுறி போட்ட குதிரைகளில் அரிதாகச் சிலவற்றுக்குச் சில வாரங்கள் கழித்துக் கல்லீரல் கெடும். கண்ணில் மஞ்சள் தெரிகிறதா, சோர்ந்து தலைதொங்கி நிற்கிறதா என்று மூன்று மாதம் பார்க்கச் சொன்னார். எதுவும் வரவில்லை.

ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கும் இது தேவை. செவலை தேறிக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தோட்டத்தில் கிடாக்குட்டிகளுக்கு ரப்பர் வளையம் போட்டு விரை நீக்கினார்கள். வளையத்துக்குக் கீழே சதை ரத்தமில்லாமல் சாகும், கிருமிக்குப் பிடித்த இடம் அதுதான். ஒரு குட்டி விறைத்து, வால் தூக்கி, மடியைப் பிடிக்க முடியாமல் நின்றது. அதைக் காப்பாற்ற முடியவில்லை. மாட்டில் முதலில் தெரிவது பெரும்பாலும் வயிறு உப்புவதுதான். வயிற்றுக் காற்றை வெளியேற்ற முடியாது. ஈன்ற பிறகு நஞ்சுக்கொடி தங்கிய மாடு உப்பினால், வெறும் உப்புசம் என்று எண்ணெய் புகட்டுவதற்கு முன் தாடையையும் மூன்றாவது இமையையும் பார்க்கச் சொன்னார் டாக்டர்.

அந்தத் தோட்டத்தில் இப்போது சினை ஆடுகளுக்கு ஈனுவதற்கு ஒரு மாதம் முன்பு தடுப்பூசி போடுகிறார்கள். சீம்பால் வழியாகக் குட்டிக்கு முதல் சில வாரங்களுக்குப் பாதுகாப்பு கிடைக்கும். கிடாக்களுக்கு வளையத்தை விட்டுவிட்டு, தோலைக் கிழிக்காமல் விரைக்குப் போகும் ரத்தக்குழாயை நசுக்கும் பர்டிசோ இடுக்கிக்கு மாறியிருக்கிறார்கள்.