வனிலா தேநீருக்குப் பெயர் வைத்த கதை

மச்சான் மொரிசியஸின் ரோஸ் ஹில்லில் வனிலாவும் ஏலக்காயும் கலந்த தேயிலையைப் பெட்டியில் போட்டு விற்கப் போகிறார். ‘தேன்மழை’ என்று பெயர் வைத்திருந்தார். காதுக்கு இனிமைதான், ஆனால் பெட்டிக்குள் தேன் இல்லையே! தேன் ருசியை எதிர்பார்த்து வாங்குபவர் ஒரு வாயிலேயே ஏமாந்துவிடுவார். அதோடு பெட்டியில் லத்தீன் எழுத்தில்தான் போடவேண்டும். பிரெஞ்சு பழகிய கண் அதை ‘தென்மஸே’ மாதிரி படிக்கும்.

மொரிசியஸில் இன்னும் தெருமுனைக் கடைகளில் சாமான் கல்லாவுக்குப் பின்னால்தான் இருக்கும். வாய் திறந்து கேட்டால்தான் கைக்கு வரும். சொல்லத் தயங்குகிறவர் பழைய பெட்டியையே கேட்டு வாங்கிப் போய்விடுவார்.

அப்புறம் ‘வனேலா’ என்று முடிவானது, லத்தீன் எழுத்தில் Vanéla. பெட்டியைத் திறந்ததும் வனிலா மணக்கும், ஏலம் குடிக்கும்போதுதான் தெரியும். பெயரிலும் அதே வரிசை. நடுவில் வரும் e எழுத்தின் மேல் சாய்கோடு கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் ‘வன்லா’ ஆகிவிடும். எழுதிக் காட்டிப் பக்கத்து வீட்டாரைப் படிக்கச் சொன்னோம். பிறகு போனில் சொல்லி, கடைக்காரரை எழுதச் சொன்னோம். இரண்டும் தேறின.

லத்தீனில் ஆறே எழுத்து என்பதால் பெட்டியின் ஒடுங்கிய பக்கத்திலும் பெரிதாக அச்சிடலாம். சூப்பர்மார்க்கெட்டில் அடுக்குகிறவர்கள் பல நேரம் அந்தப் பக்கத்தைத்தானே வெளியே காட்டுகிறார்கள்! வெறும் ‘வனிலா டீ’ என்றால் எவரும் தனக்கே உரிய வணிகக்குறியாகப் பதிவது கஷ்டம். வனேலாவை வேறு யாராவது பதிந்திருக்கிறார்களா என்று பார்த்த பிறகுதான் அச்சுக்குக் கொடுக்கவேண்டும்.