மூன்றாவது கேள்வி வரவில்லை

மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கம் விவசாயப் போதனாசிரியராக வேலை செய்கிறேன். ஒரு தை மாதக் காலையில் வந்த குறுஞ்செய்தி இது:

“மிஸ், 3 கேள்வி. 1. விதைச்சு 60 நாள், வயலில் வட்டமா மஞ்சளாகுது, யூரியா போடவா? 2. அடித்தண்டில அறக்கொட்டி கிடக்கு, என்ன மருந்து அடிக்கிற?”

அத்தோடு முடிந்தது. தமிழில் அனுப்பினால் ஒரு குறுஞ்செய்தி 70 எழுத்துத்தான். அதற்கு மேல் போனால் 67, 67 ஆகத் துண்டுபட்டு வரும். ‘நெல்’ நமக்கு இரண்டெழுத்து, போன் கணக்கில் நான்கு. கடைசித் துண்டு எங்கோ தவறியிருக்க வேண்டும். திருப்பி அழைத்தேன். வயல் வட்டைக்குள் இறங்கிவிட்டார் போல, தொடர்பு கிடைக்கவில்லை.

முழுவதும் வரட்டும் என்று இருக்க மனம் வரவில்லை. அறக்கொட்டி நெல்லின் அடித்தண்டில் சாறு குடிக்கும் சிறு பூச்சி. அது பெருகினால் வட்டம் வட்டமாகப் பயிர் எரிந்துபோகும். அவர் பசளைக் குறை என்று நினைத்த மஞ்சளே அதன் ஆரம்பமாக இருக்கலாம். யூரியா போட்டால் பயிர் இன்னும் தளதளத்துப் பூச்சிக்குத்தான் வசதி. ஆக, இரண்டு கேள்விக்கும் விடை ஒரே இடத்தில் இருந்தது. மூன்றாவது எதுவாக இருந்தாலும் மாறாததை மட்டும் சொல்வோம் என்று முடிவெடுத்தேன்.

என் பதிலும் பாதியில் அறுந்துவிடக் கூடாதே. அதனால் தனித்தனியாக ஐந்து சிறு செய்திகள் அனுப்பினேன். “உங்கள் 1, 2 கிடைத்தது. 3 வரவில்லை, திரும்ப அனுப்புங்கள்.” “யூரியா போட வேண்டாம்.” “வரம்பை வெட்டித் தண்ணீரை வடியவிடுங்கள்.” “மஞ்சள் வட்டத்தின் ஓரத்தில் பயிரை விலக்கி அடித்தண்டைத் தட்டுங்கள்.” “எவ்வளவு பூச்சி விழுகுது, சிலந்தி இருக்கா என்று பாருங்கள்.”

மருந்தின் பெயரை மட்டும் எழுதவில்லை. அவர் நேரடியாகக் கேட்டது அதைத்தான், சொல்லாமல் விட்டது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. ஆனால் பூச்சியின் அளவு தெரியாமல், ஏற்கனவே என்ன அடித்தார் என்றும் தெரியாமல் பெயர் சொன்னால் அவர் நேரே கடைக்குப் போய்விடுவார்.

மத்தியானம் அவரே அழைத்தார். தண்ணீர் வடியுது, தட்டினால் கொத்தாக விழுகுது என்றார். அப்புறம் மூன்றாவதைக் கேட்டார்:

“முந்தாநாள் கடையில தந்த மருந்த இலைக்கு மேலால அடிச்சன் மிஸ். திரும்ப எப்ப அடிக்கிற?”

போத்தலில் இருந்த பெயரை வாசிக்கச் சொன்னேன். பைரித்திராய்ட் வகை. அது அறக்கொட்டியைத் தின்கிற சிலந்தியைக் கொன்றுவிடும், அடித்தண்டில் இருக்கிற அறக்கொட்டி தப்பிப் பெருகும்.

“அதைத் திரும்ப அடிக்க வேண்டாம் அண்ணன். நான் வாறன், வயலப் பார்த்திட்டு மருந்து சொல்றன்” என்று சொல்லி மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.