பக்கத்து இருக்கையிலிருந்து வந்த குரல்

துபாயில் டாக்சி ஓட்டத் தொடங்கி 11 வருடம் ஆகிறது. வண்டிக்குள் ஏறும் ஆட்கள் போனில் பேசுவார்கள், தூங்குவார்கள், சிலர் ஊர்க் கதை கேட்பார்கள். என் மேப்பில் வரும் எச்சரிக்கைகளை எனக்கே வாசித்துக் காட்டியவர் ஒருவர்தான்.

ஒரு ஜனவரி மாதம், பொங்கலுக்கு முந்தைய வாரம். அதிகாலை நாலரைக்குக் கராமாவில் ஒரு குடும்பம் ஏறியது. அபுதாபி ஏர்போர்ட் போக வேண்டும். பெரியவரின் மனைவி, மகள், ஆறு வயதுப் பேரன் மூவரும் பின்னால் உட்கார, பெரியவர் என் பக்கத்தில் ஏறி பெல்ட்டை மாட்டினார். வண்டி கிளம்பியதும் பையன் தூங்கிவிட்டான். மேப் பேசினால் விழித்துவிடுவான், சத்தத்தைக் குறைக்க முடியுமா என்று மகள் கேட்டார். சரி என்று குரலை அணைத்துவிட்டேன்.

ஷேக் சாயித் ரோட்டில் ஏறிய சில நிமிடத்தில் பெரியவர் தொடங்கினார். "கேமரா, 400 மீட்டர்." கொஞ்ச தூரம் போனதும், "வலது பக்கம் பிரியுது, நாம நேரா."

முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. தினமும் போகிற ரோடு. பதில் பேசாமல் ஓட்டினேன். மூன்றாவது முறை சொன்னதும் என் பக்கம் திரும்பி, "தம்பி, பதில் சொல்லுங்க. நான் சொன்னது உங்க காதுல விழுந்துச்சான்னு எனக்குத் தெரியணும்ல" என்றார்.

ஜோலார்பேட்டையில் லோகோ பைலட்டாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர் என்பது அப்புறம்தான் தெரிந்தது. என்ஜினில் இரண்டு பேர் இருப்பார்கள். சிக்னல் தெரிந்ததும் ஒருவர் 'டபுள் எல்லோ' என்று சத்தமாகச் சொல்ல, மற்றவரும் தன் கண்ணால் பார்த்துவிட்டு அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். பார்க்காமல் வெறுமனே திருப்பிச் சொல்லக் கூடாது. பாதையில் எந்தக் கிலோமீட்டரில் வேலை நடக்கிறது, அங்கே எவ்வளவு வேகத்தில் போகணும் என்று ஒரு காகிதம் கொடுப்பார்களாம். அதற்கு 'காஷன் ஆர்டர்' என்று பெயர். "உங்க மேப்பும் ஒரு காஷன் ஆர்டர்தான் தம்பி. ஆனா அதை யாரும் வாசிக்கிறதில்ல, எட்டிப் பார்த்துட்டு விட்டுடுறீங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. உண்மைதான். சத்தத்தை அணைத்துவிட்டால் நானும் திரையை எட்டித்தான் பார்ப்பேன். நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடி கண்ணை எடுத்தால் வண்டி 28 மீட்டர் தாண்டியிருக்கும்.

அதற்குப் பிறகு நானும் பதில் சொன்னேன். "கேமரா, 300." "கேமரா, பாத்துட்டேன்." பின்னால் அம்மா மெல்லச் சிரித்தார்.

மேப்பின் கோளாறுகளையும் அவர் ஒவ்வொன்றாகப் பிடித்தார். ஸ்பீடோமீட்டரில் 104 இருக்கும்போது மேப் 99 காட்டியது. எது சரி என்று கேட்டார். வண்டியின் முள் உண்மையான வேகத்துக்குக் கீழே காட்டக் கூடாது என்று கொஞ்சம் கூட்டிக் காட்டும்படியே தயாரிப்பார்கள், மேப் ஜிபிஎஸ்ஸில் கணக்கிடுகிறது என்று சொன்னேன். இன்னொரு இடத்தில் மெயின் ரோட்டில் போய்க்கொண்டிருந்தபோது மேப் திடீரென்று 60 என்றது. பக்கத்தில் சர்வீஸ் ரோடு ஓடுகிறது. ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிப்போனால் நாம் அந்த ரோட்டில் போவதாக அது நினைத்துக்கொள்ளும். "அப்போ இதை மட்டும் நம்பக் கூடாது" என்று சொல்லிக்கொண்டார்.

துபாய்க்குள் போர்டில் போட்ட வேகத்துக்கு மேல் 20 கிலோமீட்டர் தாண்டினால்தான் கேமரா பிடிக்கும். 120 என்றால் 140 வரை போகலாம் என்று எங்கள் காலுக்கே பழகிவிட்டது. அபுதாபியில் அந்தச் சலுகையை 2018 ஆகஸ்டில் எடுத்துவிட்டார்கள். கந்தூத் பக்கம் எல்லை தாண்டியதும் 140 என்றால் 140தான். புதிதாக வரும் டிரைவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஜெபல் அலி தாண்டியதும் பனி இறங்கியது. குளிர்காலத்தில் அந்தப் பக்கம் விடியற்காலையில் இப்படித்தான், ஐந்து நிமிடத்தில் வெளி முழுவதும் வெள்ளையாகிவிடும். 2008 மார்ச்சில் கந்தூத் அருகே இதே பனியில்தான் சுமார் 200 வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதின. நான் வலது ஓர லேனுக்கு வந்து 110 அளவில் போய்க்கொண்டிருந்தேன். எல்லை தாண்டி மின்போர்டில் 80 என்று எரிந்தது. பனி வந்தால் அபுதாபியில் வேக வரம்பை 80க்கு இறக்கிவிடுவார்கள். மேப்பின் வட்டத்துக்குள் இன்னும் 140தான் நின்றது.

"போர்டு 80. மேப் 140" என்றார் பெரியவர்.

"போர்டு 80" என்று சொல்லிக் காலை எடுத்தேன்.

"சிக்னல் சரியாத் தெரியலைன்னா இருக்கறதுலயே கடுமையான சிக்னல்னுதான் எடுத்துக்கணும். ரயில்வேயில அது எழுதி வச்ச சட்டம்" என்றார்.

வேகம் 80க்கு வந்தது. முன்னால் ஐம்பது மீட்டருக்கு மேல் எதுவும் தெரியவில்லை. 80 என்றால் விநாடிக்கு 22 மீட்டர். கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஒன்றரை விநாடி, அதாவது 33 மீட்டர் போய்விடும். மிச்சம் 17 மீட்டரில் எந்த வண்டியும் நிற்காது. போர்டு சொன்ன 80கூட அன்றைக்கு அதிகம்தான். ஆனால் அந்த நேரத்தில் இந்தக் கணக்கெல்லாம் என் தலையில் ஓடவில்லை.

"வண்டி நிக்குது. ஓரத்துல. 600 மீட்டர்."

அந்த வாரம் மட்டும் இந்த எச்சரிக்கை மூன்று தடவை பொய்யாகப் போயிருந்தது. யாரோ பதிவு செய்திருப்பார், வண்டி எப்போதோ போயிருக்கும், மேப்பில் அடையாளம் மட்டும் மிஞ்சியிருக்கும். தனியாக ஓட்டியிருந்தால் கண்டுகொண்டிருக்க மாட்டேன். அவர் பதிலுக்காகக் காத்திருந்தார். "வண்டி நிக்குது, 600" என்று சொன்னேன். வாயால் சொன்ன பிறகு 80லேயே போக மனசு வரவில்லை. பின்னால் வருகிறவனுக்குத் தெரியட்டும் என்று பிரேக்கை இரண்டு மூன்று முறை லேசாகத் தட்டி 40க்கு இறக்கினேன். ஓடும் வண்டியில் ஹசார்ட் விளக்கு போடவில்லை. போட்டால் நாம் நிற்கிறோமா நகர்கிறோமா என்று பின்னால் வருகிறவனுக்குப் புரியாது. இன்டிகேட்டரும் தெரியாமல் போகும்.

"300." "300." "100."

பனிக்குள்ளிருந்து ஒரு பிக்கப்பின் பின்பக்கம் கருப்பாக எழுந்தது. விளக்கு எரியவில்லை. இடது பக்கச் சக்கரம் இரண்டும் என் லேனுக்குள் இருந்தன. பிரேக்கை மிதித்தேன். ஒரு கார் நீளம் இடைவெளி இருக்கும்போது வண்டி நின்றது. பின்னால் யாரும் வரவில்லை. கண்ணாடியில் பார்த்து, இன்டிகேட்டர் போட்டு, அதைச் சுற்றி மெதுவாக வெளியே வந்தேன். அதன் டிரைவர் கார்டு ரெயிலுக்கு அந்தப் பக்கம் போனுடன் நின்றிருந்தார். கொஞ்சம் தள்ளி, பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி 999க்குச் சொன்னேன்.

பையன் விழித்து, "ஏர்போர்ட் வந்துடுச்சா தாத்தா?" என்று கேட்டான். "இல்லடா, சிக்னல்" என்றார் பெரியவர். என் கை ஸ்டியரிங்கில் நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் பார்த்திருப்பார். எதுவும் சொல்லாமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

மறுபடி கிளம்பியதும், "ஐயா, பொய் எச்சரிக்கையா இருந்திருந்தா?" என்று கேட்டேன்.

"அப்பவும் 40லதான் போயிருப்பீங்க. மூணு நிமிஷம் லேட். என் சர்வீஸ்ல சிவப்பைப் பார்த்து நின்னு, முன்னால ஒண்ணுமே இல்லாத நாள் எத்தனையோ இருக்கு. அதுக்காக அடுத்த சிவப்பை விட்டுட முடியுமா?"

ஏர்போர்ட்டில் பெட்டிகளை இறக்கினேன். மீட்டருக்கு மேல் ஒரு திர்ஹமும் கூட்டிக் கொடுக்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, "திரும்பிப் போறப்ப யாரு சொல்லுவா?" என்று கேட்டார். துபாய் டாக்சி அங்கே சவாரி ஏற்ற முடியாது, காலியாகத்தான் திரும்ப வேண்டும். "நானே சொல்லிக்கிறேன் ஐயா" என்றேன்.

திரும்பும்போது ஏழு மணி ஆகியும் பனி முழுதாக விலகவில்லை. மேப்பின் குரலைப் போட்டுவிட்டேன். அது ஒவ்வொன்றையும் சொன்னது, நானும் திருப்பிச் சொன்னேன். எதிர்ப்பக்கத்தில் அந்த பிக்கப்பை ரெக்கவரி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். போலீஸ் காரின் நீல விளக்கு பனிக்குள் சுற்றியது. என் பக்கத்து மின்போர்டில் இன்னும் 80. மேப் அதைச் சொல்லவில்லை. "போர்டு 80" என்று நான் சொன்னேன்.