நிங்போ கொட்டேஷனின் மூன்றாவது வரி

22 செப்டம்பர் 2025, திங்கள்

சீனாவின் நிங்போவிலிருந்து, எங்கள் பம்புகளில் தண்ணீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீலுக்குக் கொட்டேஷன் வந்துவிட்டது. ஆனால் வந்த விதம்தான் சரியில்லை. அச்சடித்த ஒரு தாளை மேஜையில் வைத்து, மேலே எரியும் டியூப்லைட்டோடு சேர்த்து போனில் படம் எடுத்து வாட்ஸப்பில் போட்டிருக்கிறார் அங்கே விற்பனை பார்க்கும் பெண். ஐந்து வரியில் நான்கு தெளிவாக இருக்கின்றன. மூன்றாவது வரியின் குறுக்கே மட்டும் வெளிச்சம் வெள்ளைப் பட்டையாக விழுந்திருக்கிறது.

அந்த வரிதான் 20 எம்.எம். சீல், 3,000 வேண்டும். எங்கள் ஒரு எச்.பி. மோனோபிளாக் பம்பில் போவது இதுதான். மற்ற சைஸ்கள் தாமதமானால் சமாளித்துக்கொள்ளலாம், இது இல்லையென்றால் அசெம்பிளியே நின்றுவிடும்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விலையில் 0.6 வரை தெளிவு. அடுத்த எண் 3 அல்லது 8. இரண்டுக்கும் வலது பாதி ஒன்றுபோலவே வளைந்திருக்கும், வித்தியாசம் இடது பாதியில்தான். வெளிச்சம் தின்றிருப்பது சரியாக அந்த இடது பாதியை. வெளிச்சத்தைக் குறைத்தும், கருப்பு வெள்ளையாக்கியும் பார்த்தேன். அழிந்த மை திரும்பி வருமா என்ன? கடைசிக் கட்டத்தில் இருக்கும் வரித்தொகையும் போச்சு. யூனிட் கட்டத்தில் மற்ற நான்கிலும் ‘செட்’ என்று இருக்கிறது, இதில் முதல் எழுத்தே தெரியவில்லை.

கொட்டேஷன் 30-ஆம் தேதி வரைதான் செல்லுபடி. 1-ஆம் தேதியிலிருந்து 8 வரை அங்கே தேசிய தின விடுமுறை. இந்த வருடம் அவர்களுடைய இலையுதிர்கால நிலாப் பண்டிகையும் அதிலேயே விழுகிறது. இங்கே 1-ஆம் தேதி ஆயுத பூஜை. ஆக, இந்த வாரத்துக்குள் முடிக்க வேண்டும்.

23 செப்டம்பர், செவ்வாய்

காலையில் முதலாளியின் மகன் வந்து, “அண்ணா, அந்த வரிய நான் நேத்தே கேட்டுட்டேனுங்க, சரின்னு சொல்லிட்டாங்க” என்றார். போனை வாங்கிப் பார்த்தேன். “மூன்றாவது வரி 0.63 தானே, உறுதி செய்யவும்” என்று தம்பி கேட்டிருக்கிறார். “ஆமாம் நண்பரே, விலை உறுதி” என்று பதில்.

இந்தப் பதிலை வைத்து ஆர்டர் போட முடியாது. சீனாவில் எங்களுக்கு வாய்த்த விற்பனையாளர்களிடம் நான் பார்த்தவரை, ‘தானே’ என்று முடியும் கேள்விக்கு ‘ஆமாம்’ என்றுதான் பதில் வரும். அவர்கள் பொய் சொல்வதாக அர்த்தமில்லை. கொட்டேஷன் விலை மாறவில்லை என்றுதான் அவர் உறுதி சொல்கிறார். நாம் எழுதிய எண்ணைத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தாரா என்பது வேறு விஷயம். ‘0.63-ஆ 0.68-ஆ’ என்று கேட்டாலும் சில நேரம் ‘ஆமாம்’ என்றே வரும். அதற்கு என்ன செய்வது!

வித்தியாசம் ஐந்து சென்ட்தான். 3,000-க்கு 150 டாலர். டாலர் 88 ரூபாய் என்று வைத்தால் பதிமூன்றாயிரத்துச் சொச்சம். அதைவிட எனக்கு உறுத்துவது யூனிட். செட் என்றால் சுழலும் தலையும் அதற்கு எதிரே உட்காரும் செராமிக் சீட்டும் சேர்ந்து வரும். வெறும் பீஸ் என்று போட்டு, தலையை மட்டும் அனுப்பிவிட்டால்? ஸ்பிரிங்கும் ரப்பரும் கார்பனுமாக மூவாயிரம் தலை ஸ்டோர்ஸில் கிடக்கும், எதிரே வைக்க சீட் இருக்காது. பழைய சீட்டில் ஓட்டலாமே என்றால், அதில் ஏற்கெனவே கார்பன் ஓடிய தடம் வட்டமாக விழுந்திருக்கும். புதுக் கார்பன் அதில் பொருந்தாது, டெஸ்ட் பெஞ்சிலேயே சொட்ட ஆரம்பித்துவிடும்.

24 செப்டம்பர், புதன்

மெயில் எழுதுவதற்கு முன் கூட்டல் போட்டுப் பார்த்தேன். நல்லவேளை, அடியில் மொத்தத் தொகை படத்தில் தெளிவாக இருக்கிறது: 6,280 டாலர்.

12 எம்.எம். 2,000 செட், 0.42 வீதம் 840. 16 எம்.எம். 3,000 செட், 0.55 வீதம் 1,650. 25 எம்.எம். 1,000 செட், 0.95 வீதம் 950. கடைசி வரி 16 எம்.எம்.-இலேயே இரண்டு பக்கமும் சிலிக்கன் கார்பைடு, ரப்பர் வைட்டான், 500 செட், 1.40 வீதம் 700. நான்கும் சேர்ந்து 4,140. அப்படியானால் மூன்றாவது வரிக்கு மிச்சம் 2,140.

இதோடு கதை முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடியவில்லை. 2,140-ஐ 3,000-ஆல் வகுத்தால் 0.7133 வருகிறது. இந்தத் தாளில் எந்த விலையும் இரண்டு தசமத்தைத் தாண்டவில்லை. 0.63 என்றால் 1,890, மீதி 250. 0.68 என்றால் 2,040, மீதி 100. எப்படிப் போட்டாலும் தாளில் எங்கேயும் எழுதாத ஒரு தொகை மொத்தத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. 100 கொஞ்சம் நம்பும்படி இருக்கிறது, ஆனால் அது என் ஊகம்தான். மோல்டுச் செலவாகவும் இருக்கலாம், துறைமுகச் செலவாகவும் இருக்கலாம்.

25 செப்டம்பர், வியாழன்

மெயில் போய்விட்டது. வாட்ஸப்பில் கேட்காமல் மெயிலில் கேட்டதற்குக் காரணம் உண்டு. பிற்பாடு தகராறு வந்தால் எடுத்துக் காட்ட ஒரே இடத்தில் எழுத்து வேண்டும். விற்பனை பார்ப்பவர் வேலையை விட்டுப் போனால் வாட்ஸப் பேச்சும் அவரோடு போய்விடும்.

சப்ஜெக்ட் வரியில் கொட்டேஷன் எண், தேதி, ‘மூன்றாவது வரி’ என்பது மட்டும். ‘அவசரம்’ என்று போடவில்லை. அவருக்கு வரும் மெயில் எல்லாமே அவசரம்தான்.

உள்ளே நான் எழுதியதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: “நீங்கள் அனுப்பிய படத்தில் மூன்றாவது வரியின் மேல் வெளிச்சம் விழுந்துள்ளது, விலை, யூனிட், தொகை மூன்றும் படிக்க முடியவில்லை. அந்தப் பகுதியைச் சிவப்புக் கட்டம் போட்டு இணைத்துள்ளேன். மற்ற நான்கு வரிகளை நான் படித்தபடி கீழே தட்டச்சு செய்திருக்கிறேன், தவறு இருந்தால் திருத்தவும். அந்த நான்கின் கூட்டுத்தொகை 4,140. உங்கள் மொத்தம் 6,280. மீதி 2,140 எப்படி வருகிறது என்று பிரித்து எழுதவும். மூன்றாவது வரியில் காலியாக விட்டுள்ள கட்டங்களை நிரப்பவும். ஒரு யூனிட்டில் தலையும் சீட்டும் இரண்டும் உண்டா என்பதையும் எழுதவும்.”

தம்பி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். “நம்ம 0.63 அல்லது 0.68-னு போட்டா அவங்களுக்குச் சுலபமா இருக்குமேண்ணா” என்றார். சுலபமாகத்தான் இருக்கும், அதுதான் எனக்கு வேண்டாம். நாம் ஓர் எண்ணைக் கொடுத்தால் அவர் தாளைத் திறக்காமலே தலையாட்டிவிடலாம். காலிக் கட்டத்தைக் கொடுத்தால் தாளைத் திறந்தே ஆக வேண்டும். 2,140-ஐப் பிரிக்கச் சொன்னதும் அதற்காகத்தான். கணக்கு பொருந்தினால்தான் அவரால் பதில் எழுத முடியும். ‘ஆமாம்’ என்று எழுத அதில் இடமே இல்லை.

இன்னொன்றும் சேர்த்தேன்: கொட்டேஷனைப் படமாக இல்லாமல் பி.டி.எஃப். அல்லது எக்செல் கோப்பாக அனுப்பவும். வாட்ஸப்பில் போட்டோவாக வந்தால் அது சுருங்கிவிடுகிறது. டாக்குமென்ட் என்று இணைத்தால் அப்படியே வரும்.

வாக்கியங்களைக் குட்டியாக வைத்தேன். அவருக்கும் ஆங்கிலம் வேற்று மொழி, எனக்கும் வேற்று மொழி. சுற்றி வளைத்த மரியாதை வாக்கியங்கள் எங்கள் இரண்டு பேருக்குமே வேலைக்கு ஆகாது.

26 செப்டம்பர், வெள்ளி

பதில் இல்லை. அவர்கள் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. மதியம் மூன்றரை மணிக்கு மேல் நாம் அனுப்பினால் அங்கே கடையைக் கட்டியிருப்பார்கள். நேற்று அனுப்பியது சாயங்காலம்.

28 செப்டம்பர், ஞாயிறு

வீட்டில் இருக்கும்போது மெயில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை எப்படி என்று பார்த்தால், எட்டு நாள் விடுமுறைக்கு ஈடாக இன்று அங்கே வேலை நாளாம். அறிவிப்பிலேயே அப்படித்தான் இருக்கிறது.

கட்டங்களை நிரப்பியிருக்கிறார். 3,000 செட், 0.68 வீதம் 2,040. தலையும் சீட்டும் சேர்த்துத்தான். மீதி 100 டாலர், சரக்கு குறைவாக இருப்பதால் நிங்போ துறைமுகத்தில் ஆகும் உள்ளூர்ச் செலவு. ‘நண்பரே’ என்று கூட இல்லை, நேராகக் கணக்கு. தம்பி வாங்கிய ‘ஆமாம்’ 0.63-க்கு என்பதை இங்கே குறித்து வைக்கிறேன்.

100 டாலருக்கு இனி ஒரு கேள்வி இருக்கிறது. கொட்டேஷன் தலைப்பிலேயே ‘எஃப்.ஓ.பி. நிங்போ’ என்று போட்டிருக்கிறார்கள். எஃப்.ஓ.பி. என்றால் சரக்கைக் கப்பலில் ஏற்றும் வரை ஆகும் செலவு விற்பவருடையது. லாரி வாடகை, அங்கத்திய கஸ்டம்ஸ், துறைமுகக் கட்டணம் எல்லாம் விலைக்குள் அடக்கம். அதைத் தனியாகக் கேட்பது, தொழிற்சாலை வாசல் விலையைச் சொல்லிவிட்டு எஃப்.ஓ.பி. என்று தலைப்புப் போட்ட மாதிரிதான். முழு கண்டெய்னர் இல்லாமல் மற்றவர்கள் சரக்கோடு சேர்த்து ஏற்றும் சின்ன ஆர்டர்களில் இப்படிக் கேட்பது சகஜம். சகஜம் என்பதற்காக, எழுதாமல் மொத்தத்துக்குள் ஒளித்து வைப்பது நியாயமாகிவிடாது.

29 செப்டம்பர், திங்கள்

காலை ஏழரைக்கே மெயில் போட்டேன், அங்கே பத்து மணி. இரண்டே வரி: “தலைப்பில் எஃப்.ஓ.பி. என்று உள்ளது, எனவே 100 டாலர் உங்கள் பொறுப்பு. நீக்கி, புரொஃபார்மா இன்வாய்ஸ் அனுப்பவும்.” முழுக்க நீக்க முடியாது, பாதி ஏற்கிறோம் என்று பதினோரு மணிக்குப் பதில். முதலாளியிடம் சொன்னேன். “ஐம்பது டாலருக்கு ஆயுத பூஜை வரைக்கும் பேசிட்டு இருக்கப் போறீங்களா, முடிங்க” என்றார். நான் இன்னும் ஒரு மெயில் போட்டுப் பார்த்திருப்பேன். சரி, அவர் பணம்.

ஒரு நிபந்தனை மட்டும் வைத்தேன்: அந்த 50 தனி வரியாக, பெயரோடு இன்வாய்ஸில் வர வேண்டும். அடுத்த ஆர்டரில் அது 80 ஆனால் கண்ணில் பட வேண்டுமே.

30 செப்டம்பர், செவ்வாய்

இன்வாய்ஸ் வந்தது, பி.டி.எஃப்., முத்திரையோடு. ஆறு வரி. ஐந்து சீல், ஆறாவதாகத் துறைமுகச் செலவு 50. மொத்தம் 6,230. எல்லா வரியிலும் ‘செட்’ என்றும், கீழே ‘ஒரு செட்டில் தலையும் சீட்டும்’ என்றும் எழுதச் சொன்னது வந்திருக்கிறது. மறுபடி கூட்டிப் பார்த்தேன், பொருந்துகிறது.

பாங்கில் முன்பணம் அனுப்ப இதைத்தான் கேட்பார்கள். போட்டோவை எடுத்துக்கொண்டு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 30 சதவீதம், 1,869 டாலர். அனுப்புவதற்கு முன் இன்வாய்ஸில் உள்ள பாங்க் கணக்கு எண்ணைப் போன வருட இன்வாய்ஸோடு ஒப்பிட்டேன், அதே கணக்கு. மாறியிருந்தால் மெயிலில் கேட்டிருக்க மாட்டேன், நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்டிருப்பேன். மெயிலுக்குள் யாராவது புகுந்திருந்தால், அங்கே கேட்கும் கேள்விக்கு அவனே பதில் சொல்வான்.

பணம் மதியம் போய்விட்டது. ஸ்விஃப்ட் நகலை அனுப்பினேன். 9-ஆம் தேதி ஆபீஸ் திறந்ததும் உற்பத்தியில் போடுகிறோம் என்று பதில் வந்தது.